கழுத்துக் கறுப்பும் தள்ளிப்போகும் மாதங்களும்



நம் வீடுகளில் சர்க்கரை நோயைப் பற்றிக் கூடத்தில் அமர்ந்து எல்லோர் முன்னிலையிலும் பேசுகிறோம். மாதவிடாய் தள்ளிப்போவதைப் பற்றி அடுக்களையில், ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, தாழ்ந்த குரலில் பேசுகிறோம். இந்த இரண்டு பேச்சும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஆனால் உடலுக்குள் இவ்விரண்டும் பல நேரங்களில் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. என் தங்கை மகளுக்கு நேர்ந்ததை முன்வைத்து அந்த வேரைப் பற்றி எழுத விரும்புகிறேன். "பெயரை மட்டும் போடாதீர்கள் பெரியம்மா, மற்றதெல்லாம் எழுதுங்கள். யாராவது ஒரு பிள்ளைக்கு உதவும்" என்று அவளே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அவளுக்கு வயது 19. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 12 வயதில் பருவமெய்தினாள். முதல் மூன்றாண்டுகள் மாதங்கள் சற்று முன்பின்னாக வந்து கொண்டிருந்தன. அது இயல்புதான், அந்த வயதில் ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 21 முதல் 45 நாட்கள் வரை செல்லலாம். மூன்றாண்டுகள் கடந்த பிறகு அந்த இடைவெளி 21 முதல் 35 நாட்களுக்குள் வந்து நின்றுவிட வேண்டும். இவளுக்கோ அதன் பிறகுதான் இடைவெளி நீண்டது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை என்றானது. "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்றார் அவளுடைய பாட்டி. அவளுடைய கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட்டுத் துணியைப் போல் மாறியிருந்தது. அதற்கும் பாட்டியிடம் மருந்து இருந்தது: கடலை மாவும் எலுமிச்சைச் சாறும் கலந்து தேய்ப்பது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை.

சென்ற ஆண்டு 94 நாட்கள் மாதவிடாயே இல்லாமல் இருந்து, ஷஃபான் பிறை 20இல் உதிரம் தொடங்கியது. அவ்வாண்டு ஷஃபான் 29 நாட்களில் முடிந்து ரமளான் பிறந்தது. உதிரம் நிற்கவில்லை. ரமளான் 13 வரை, மொத்தம் 23 நாட்கள் அது நீடித்தது. முதலில் உள்ளூர் மருத்துவர் ஒருவர் உதிரத்தை நிறுத்தும் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். மாத்திரை சாப்பிடும் நாளில் குறைந்து, விட்டால் மீண்டும் வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எந்த நோன்பு கூடும், எந்தத் தொழுகை விடுபட்டது என்று தெரியாமல் அந்தப் பிள்ளை அழுதாள். அதன் பிறகே என் தங்கையும் நானும் அவளை மதுரையில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

கழுத்தைப் பார்த்த மருத்துவர்

அந்த மருத்துவர் முதலில் கேட்டது கடந்த ஓராண்டில் மாதவிடாய் வந்த தேதிகளை. இரண்டாவதாக, அவளுடைய முக்காட்டைச் சற்று விலக்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார். "வீட்டில் யாருக்குச் சர்க்கரை?" என்பது மூன்றாவது கேள்வி. என் தங்கைக்கு 36 வயதிலிருந்தே சர்க்கரை நோய் உண்டு. எங்கள் உம்மாவுக்கும் இருந்தது.

கழுத்துக் கறுப்பு அழுக்கன்று என்பதை அன்றுதான் அந்தப் பிள்ளை அறிந்தாள். இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மிஞ்சி ஓடும்போது, அது தோலின் உயிரணுக்களைத் தூண்டிப் பெருகச் செய்கிறது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு போன்ற மடிப்புகளில் தோல் தடித்துக் கறுக்கிறது. உள்ளே நடப்பதை வெளியே காட்டும் அடையாளம் அது. தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். இன்சுலின் குறைந்தால் கறுப்பும் மெல்லக் குறையும்.

இன்சுலின் ஏன் மிஞ்சுகிறது? நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. அந்தச் சர்க்கரையைத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் கொண்டு சேர்க்கும் ஏவலைக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் இடுகிறது. சிலருக்குத் தசையும் ஈரலும் அந்த ஏவலுக்குச் செவி சாய்ப்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். பரம்பரையும், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் இதற்கு முக்கியக் காரணங்கள். செவி சாய்க்காத தசையைப் பணிய வைக்கக் கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்கிறது. அதன் பயனாகச் சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள்ளேயே இருக்கும். பரிசோதனையில் "சர்க்கரை இல்லை" என்றே வரும். கணையம் களைத்துப்போகும் நாளில்தான் நாம் அதைச் சர்க்கரை நோய் என்று அழைக்கிறோம். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெண்ணின் மாதவிடாய் அந்தச் செய்தியைச் சொல்லத் தொடங்கிவிடலாம்.

சினைப்பையில் நடப்பது

இங்குதான் மருத்துவர் சொன்ன முக்கியமான செய்தி இருக்கிறது. தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் செவிடாகிவிட்டாலும் சினைப்பை செவிடாவதில்லை. மிஞ்சிய இன்சுலின் முழுவதையும் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. பெண்ணின் சினைப்பை இயல்பாகவே சிறிதளவு ஆண்மைச் சுரப்பை, அதாவது டெஸ்டோஸ்டிரோனை உண்டாக்கும். இன்சுலின் மிகும்போது அந்த உற்பத்தியும் மிகுகிறது. அதே நேரத்தில், டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிப் பிடித்து அடக்கி வைக்கும் ஒரு புரதத்தை ஈரல் குறைவாகவே செய்கிறது. இப்படி இரு வழிகளாலும் ஆண்மைச் சுரப்பு கட்டவிழ்ந்து உலவுகிறது. தாடையிலும் மேலுதட்டிலும் முடி வளர்வதும், முகப்பருவும், உச்சியில் முடி உதிர்வதும் இதனால்தான்.

ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் சில சிறு முட்டைப் பைகள் வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று முதிர்ந்து வெடித்து முட்டையை வெளியிட வேண்டும். ஆண்மைச் சுரப்பும் இன்சுலினும் மிகுந்த இடத்தில் அந்தப் பைகள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் ஓரத்தில் வரிசையாகத் தெரியும் சிறு வட்டங்கள் இவைதாம். "நீர்க்கட்டி" என்று நாம் அஞ்சும் அவை உண்மையில் கட்டிகள் அல்ல. வளர்ச்சி தடைப்பட்டு நிற்கும் முட்டைப் பைகளே. அறுத்து எடுக்க அங்கே ஒன்றுமில்லை.

முட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பும் சுரப்பதில்லை; ஏனெனில், முட்டை வெளியேறிய பையே பிறகு அதைச் சுரக்கும் இடமாகிறது. கருப்பையின் உட்சவ்வை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன். அந்த வளர்ச்சியை நிறுத்தி, சவ்வைப் பக்குவப்படுத்தி, குறித்த நாளில் ஒன்றாக உதிரச் செய்வது புரோஜெஸ்டிரோன். பின்னது இல்லாதபோது சவ்வு வாரக்கணக்கில் தடித்துக்கொண்டே போகிறது. இறுதியில் தன் கனத்தைத் தாங்க மாட்டாமல் இன்று ஓரிடம், நாளை வேறிடம் என்று துண்டு துண்டாக உதிர்கிறது. 94 நாட்கள் வராமலிருந்ததும், பிறகு 23 நாட்கள் நிற்காமலிருந்ததும் இரு வேறு நோய்கள் என்று எண்ணியிருந்தோம். இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் முற்பகுதியும் பிற்பகுதியும்தான். உதிரத்தை நிறுத்தும் மாத்திரை ஏன் பயனளிக்கவில்லை என்பதும் அப்போது விளங்கியது. அது கசிவை அடைக்க முயன்றது. தடித்துப்போன சவ்வோ அப்படியே இருந்தது.

இந்தத் தொடர்பை மருத்துவ உலகம் கண்டு நெடுங்காலம் ஆகிறது. 1921இல் பாரிஸைச் சேர்ந்த அஷார், தியேர் என்ற இரு மருத்துவர்கள், முகத்தில் தாடி வளர்ந்த பெண்களுக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். 1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் இருவரும் மாதவிடாய் நின்ற பெண்களின் சினைப்பையில் பல சிறு பைகள் இருப்பதை விவரித்தார்கள். இந்த இரண்டையும் இணைக்கும் பாலம் இன்சுலின் என்பது 1980 முதல் தெளிவாகத் தொடங்கியது. இன்று இந்த நிலைக்குப் பி.சி.ஓ.எஸ். என்று பெயர். இந்நோய் உள்ள பெண்கள் எல்லோரும் பருமனானவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஒல்லியான பிள்ளைகளுக்கும் இன்சுலின் எதிர்ப்பு இருக்கக் கூடும்.

பரிசோதனைகள் சொன்னவை

மருத்துவர் எழுதிய முதல் பரிசோதனையே எங்களைத் திடுக்கிட வைத்தது. கர்ப்பப் பரிசோதனை! என் தங்கையின் முகம் சிவந்துவிட்டது. மருத்துவர் அமைதியாகச் சொன்னார்: "இது சந்தேகம் இல்லை அம்மா. மாதவிடாய் தள்ளிப்போய் வருகிற எல்லாப் பெண்களுக்கும் முதலில் இதைத்தான் எழுதுவோம். இதைப் பார்க்காமல் எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது." இதைக் குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே மருத்துவமனைப் படியேறாத தாய்மார் நம்மில் இருக்கிறார்கள்.

அடுத்து தைராய்டும், புரோலாக்டின் என்ற சுரப்பும் பார்க்கப்பட்டன. இவை இரண்டும் மாதவிடாயைத் தள்ளிப்போடக் கூடியவை. அளவுக்கு மீறி உணவைக் குறைப்பதும் கடும் மன உளைச்சலும்கூட அப்படிச் செய்யும். எனவே மாதம் தப்பினாலே இன்சுலின்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இவளுக்கு அந்த இரண்டும் சரியாக இருந்தன. டெஸ்டோஸ்டிரோன் சற்று மிகுந்திருந்தது. இரத்தச் சோகை கடுமையாக இருந்தது, ஹீமோகுளோபின் 9.1தான்.

ஸ்கேனில் கருப்பையின் உட்சவ்வு தடித்திருந்தது தெரிந்தது. சினைப்பையில் சிறு பைகள் பல இருப்பதாகவும் அறிக்கை கூறியது. ஆனால் அதை மருத்துவர் பொருட்படுத்தவில்லை. பருவமெய்திய முதல் எட்டு ஆண்டுகளில் நலமான பிள்ளைகளின் சினைப்பையும் அப்படித் தோன்றுவதுண்டாம். ஆகவே இந்த வயதில் ஸ்கேனை மட்டும் வைத்து இந்நோயைச் சொல்லக் கூடாது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்மைச் சுரப்பின் மிகுதி ஆகிய இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இவளுக்கு இரண்டும் இருந்தன.

சர்க்கரைப் பரிசோதனையில்தான் நாம் எளிதில் ஏமாந்துபோவோம். வெறும் வயிற்றில் அவளுக்கு 96. நூற்றுக்குக் கீழ் இருப்பதால் அது இயல்பான அளவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.1 என்று வந்தது, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஆனால் அந்த எண்ணை மருத்துவர் நம்பவில்லை. இரும்புச் சத்துக் குறைவால் சோகை இருப்பவருக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக் கூடும். அண்மையில் நிறைய இரத்தம் இழந்தவருக்கோ குறைவாகக் காட்டக் கூடும். இவளுக்கு இரண்டும் நேர்ந்திருந்தன. உதிரம் மிகுந்து போகும் பெண்கள் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து மகிழவோ வருந்தவோ கூடாது என்பதை அன்று கற்றோம்.

ஆகவே குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய மூன்று நாட்கள் வழக்கம்போல் சோறு உண்ண வேண்டும். பயந்துகொண்டு உணவைக் குறைத்தால் முடிவு பிழையாகும். இரவு முழுதும், குறைந்தது 8 மணி நேரம், தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லாமல் இருந்து, காலையில் முதல் இரத்தம் எடுத்தார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் நடமாடாமல் அமர்ந்திருந்த பின் மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். 140க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இவளுக்கு 168. வெறும் வயிற்றில் இயல்பாக இருந்த சர்க்கரை, உணவுக்குப் பின் தன் நிலையைக் காட்டிவிட்டது. நோன்பு வைத்த பகலில் செய்யக் கூடிய பரிசோதனை அன்று இது; அவள் தொழுகைக்கு மீண்ட பின், பெருநாள் கழிந்து செய்தோம்.

மருத்துவமும் அதன் எல்லையும்

முதற்பணி தடித்த சவ்வை முறையாக உதிரச் செய்வது. உடல் சுரக்காத புரோஜெஸ்டிரோனுக்கு ஈடான மாத்திரையை 12 நாட்கள் கொடுத்தார். அதைத் தொடங்கிய சில நாட்களில் உதிரம் நின்றது. மாத்திரை முடிந்த மூன்றாம் நாள் மாதவிடாய் வந்து, ஆறு நாட்களில் தானாக நின்றது. "இனி மூன்று மாதத்துக்கு மேல் வராமல் விடவே கூடாது" என்றார். ஆண்டுக்கணக்கில் உதிராமல் தடிக்கும் சவ்வில் பிற்காலத்தில் புற்று உண்டாகும் ஆபத்து மிகுதி. எனவே தானாக வராவிட்டால் மாத்திரை கொடுத்தாவது உதிரச் செய்ய வேண்டும். மாதவிடாய் வராமல் இருப்பது வசதி என்று நினைக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு சேர்க்காமல் எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடச் சொன்னார். தேநீர் அந்தச் சத்தை உடலில் ஏறவிடாது.

இரண்டாம் பணி இன்சுலினைக் குறைப்பது. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் இரவு உணவோடு தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்ல மெல்ல உயர்த்தினார். முதல் இரண்டு வாரங்கள் வயிறு பொருமலும் பேதியும் இருந்தன. அதற்குப் பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். உணவின் நடுவில் சாப்பிட்டு, மெதுவாக அளவைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். நெடுநாள் சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறையக் கூடும் என்பதால் அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இந்த மாத்திரை ஒரு மாதத்தில் மாதவிடாயை ஒழுங்காக்காது. மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது உடல். அவள் உயரம் 155 செ.மீ., எடை 71 கிலோ. மருத்துவர் கேட்டது 20 கிலோ குறைப்பை அன்று. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிவருவது மீள்கிறது. இவளுக்கு அது மூன்றரை கிலோவில் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் தனிச் சமையல் செய்யவில்லை. சோற்றைப் பாதியாக்கி, மீனையும் காய்களையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னால் வைத்துக்கொண்டாள். நாளுக்கு நான்கு முறை குடித்த தேநீரில் சீனியை நிறுத்தினாள். இரவு உணவுக்குப் பின் மாடியில் 20 நிமிட நடை. அவளுடைய உம்மாவும் கூடவே நடந்தாள். நடையின் பயன் எடையில் மட்டும் இல்லை. இயங்கும் தசை, இன்சுலின் இல்லாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். செவிடான தசைக்கு வேறொரு வாசல் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் நாட்குறிப்பில் அதன் பின்வந்த இடைவெளிகள் இவை: 58 நாட்கள், 47, 41, 38. ஒரு மாதத்தில் சரியானது போல் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்படித்தான் அது மெல்ல இறங்கி வரும். பத்து மாதங்களில் எடை 66 கிலோ ஆனது. ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டியது. குளுக்கோஸ் பரிசோதனையில் இரண்டு மணி நேர அளவு 132. கழுத்துக் கறுப்பு பாதியளவு வெளுத்திருக்கிறது. தாடை முடி மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. அதற்கு மேலும் காலம் பிடிக்கும் என்றார்கள்.

"இந்தப் பிள்ளைக்குக் குழந்தை பிறக்குமா?" என்று வரன் பேச வந்தவர்கள் காதுபடக் கேட்டிருக்கிறார்கள். இந்நிலை உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். சிலருக்கு முட்டை வெளிவர மருந்தின் துணை வேண்டியிருக்கும், அவ்வளவே. கருவுற்றால் 24ஆம் வாரம் வரை காத்திராமல் தொடக்கத்திலேயே சர்க்கரை பார்த்துவிட வேண்டும். மாதம் தப்பி வருவதால் கருத்தரிக்காது என்று எண்ணுவதும் தவறு. எந்த மாதத்தில் முட்டை வெளிவரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு

இதுவரை சொன்னது இன்சுலின் மிகுவதால் வரும் குழப்பம். இன்சுலின் அறவே சுரக்காத முதல் வகைச் சர்க்கரை நோயிலும் மாதவிடாய் தடைப்படும். ஆனால் வழி வேறு. சர்க்கரை கட்டுக்கடங்காமல் உடல் பட்டினி கிடப்பது போல் ஆகும்போது, சினைப்பைக்கு ஏவல் அனுப்பும் மூளைப் பகுதி அந்த ஏவலை நிறுத்திவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தீர்வு சரியான அளவு இன்சுலின்தான். எடை கூடுகிறது என்று ஊசியைத் தவிர்க்கும் பிள்ளையின் மாதவிடாய் நின்றுபோனால், தாய்மார் அதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

என் தங்கையைப் போல் 45ஐ நெருங்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு வேறொரு சொல். அந்த வயதில் உதிரம் மிகுந்தாலோ, மாதத்தில் இருமுறை வந்தாலோ "நிற்கப் போகிற நேரம், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். சர்க்கரை நோய், பருமன், பல ஆண்டுகள் மாதம் தப்பி வந்த வரலாறு ஆகிய மூன்றும் கருப்பைச் சவ்வில் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டுபவை. அவர்களுக்குச் சவ்விலிருந்து சிறு துண்டெடுத்துப் பார்ப்பது அவசியமாகலாம். மாதவிடாய் முற்றும் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி வந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஒரே நாட்குறிப்பு, இரண்டு பயன்

தொழுகையின் கணக்கு இன்னும் இருந்தது. எங்கள் குடும்பம் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தது. அதில் ஹைளின் உச்ச அளவு 15 நாட்கள்; ஹனஃபி மத்ஹபில் 10 நாட்கள். அதைக் கடந்து வருவது இஸ்திஹாளா. அப்போது பெண் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் உளூச் செய்து தொழ வேண்டும், நோன்பும் கடமையாகிறது. உதிரம் நிற்காமல் வந்த ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் நேரே நபி (ஸல்) அவர்களிடம் வந்து தம் தொழுகையைப் பற்றிக் கேட்டார்கள். அது நரம்பொன்றிலிருந்து வருவது, ஹைள் அன்று என்று அவர்களுக்கு விளக்கம் கிடைத்தது. கேட்கவும் வெட்கப்படவில்லை, விடை சொல்லவும் தயக்கம் காட்டப்படவில்லை.

நாங்கள் அணுகிய ஆலிம், உதிரத்தின் நிறம் மாறியதா என்றும் வழக்கமாக எத்தனை நாட்கள் வரும் என்றும் கேட்டார். நிறத்தில் வேறுபாடு இருக்கவில்லை. நாட்குறிப்பில் முந்தைய மாதங்கள் எல்லாம் ஆறு நாட்கள் என்றிருந்தன. அதை வைத்து ஆறு நாட்களை ஹைளாகவும் எஞ்சியதை இஸ்திஹாளாவாகவும் கணக்கிட்டு, களாச் செய்ய வேண்டிய தொழுகைகளையும் நோன்புகளையும் எழுதித் தந்தார். ஒவ்வொருவர் நிலையும் வேறுபடும் என்பதால் நீங்கள் உங்கள் ஆலிமிடமே கேளுங்கள். ஆனால் மருத்துவரும் ஆலிமும் கேட்ட முதற்கேள்வி ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்: என்று தொடங்கியது, என்று முடிந்தது, எவ்வாறு வந்தது?

நோன்பைப் பற்றியும் ஒரு செய்தி. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அரிது. ஒரு வேளை மாத்திரை என்றால் நோன்பு திறக்கும்போதும், இரு வேளை என்றால் திறக்கும்போதும் ஸஹரிலும் பொதுவாகச் சொல்கிறார்கள். இன்சுலின் ஊசியோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்கள் ரமளானுக்கு ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். பகலில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை.

என் தங்கை மகளின் நாட்குறிப்பு ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு வரியிலும் தொடங்கிய நாள், முடிந்த நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், நிறம், அவ்வளவுதான். இடைவெளி 35 நாட்களைத் தொடர்ந்து தாண்டினால், ஆண்டில் எட்டு முறைக்கும் குறைவாக வந்தால், 90 நாட்கள் வராமலே இருந்தால், அல்லது எட்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். கழுத்தும் கறுத்திருந்து, வீட்டில் சர்க்கரை நோயும் இருந்தால், குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். அவளுக்கு அடுத்த பரிசோதனை ஷவ்வாலில். தேதியை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.